ஞாயிறு இரவு 12 மணி என்றால் எந்த இரவு? கோத்தகிரியில் ஓர் அறிவிப்பு தவறிய விதம்

நான் கோத்தகிரியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று இந்தப் பக்கத்தில் அச்சாகும் அறிவிப்புகளில் பாதி என் கணினி வழியாகத்தான் போகும். கடந்த சில வருடங்களாக அவற்றில் பல அச்சுக்கே போவதில்லை. ஒரு படமாகச் செய்து கொடுத்தால் போதும், வாட்ஸ்அப்பில் கனடா வரைக்கும் போய்விடும். படத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அங்கே இருக்கிறவர் அலாரம் வைக்கிறார், பணம் அனுப்புகிறார். 2025 நவம்பரில் நான் செய்த ஓர் அறிவிப்பு எப்படித் தவறியது, எதனால், இரண்டாவது முறை என்ன மாற்றினோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் ஒன்றுகூட நினைத்தார்கள். நானும் அங்கே படித்தவன். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்களை அழைத்துப் பேச வைப்பது, பழைய படங்களைத் தொகுத்து ஒரு மலர் வெளியிடுவது, இங்கே இருப்பவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவது, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஜூம் வழியாகச் சேர்வது என்று திட்டம். நாள் 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் மாலை 6.30 மணிக்குத் தொடக்கம். அக்டோபர் 12ஆம் தேதி நான் தட்டச்சு செய்த வாசகம் இது, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்:

"நாள்: 02/11/25 ஞாயிறு. நேரம்: இரவு 6.30 IST / EST காலை 9.00 / லண்டன் பகல் 2.00 / துபாய் மாலை 5.00 / சிங்கப்பூர் இரவு 9.00 / ஆஸ்திரேலியா ஞாயிறு இரவு 12.00. மலர் ரூ.500, வெளிநாடு $15."

பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லா ஊருக்கும் நேரம் போட்டாயிற்று, விலை போட்டாயிற்று. குழுவில் இருந்த மூன்று பேர் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். ஆனால் இந்த நான்கு வரியில் நாள், நேரம், பணம் மூன்றிலுமே தவறு இருந்தது.

முதல் அறிகுறி ஒருநாள் முன்பே தெரிந்தது. நவம்பர் 1, சனிக்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு நான் மண்டபத்தில் ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தபோது மெல்போர்னில் இருக்கும் ஓர் அக்காவிடமிருந்து குரல் செய்தி. "தம்பி, லிங்க்கைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஒருத்தரையும் காணோமே, தூக்கம் வேற வருது." நான் அவசரமாக, "அக்கா, இன்னைக்கு சனிக்கிழமைதானே, நாளைக்குத்தான் நிகழ்ச்சி" என்று பதில் போட்டேன். அவர் சொன்னார்: "இங்க இப்பத்தானே தம்பி ஞாயிறு பிறந்திருக்கு. ஞாயிறு 12 மணின்னு நீதானே போட்டிருக்க."

அவர் சொன்னது சரி. மெல்போர்னில் அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகியிருந்தது. நான் சொல்ல நினைத்தது ஞாயிறு முடியும் நள்ளிரவை, அதாவது கடிகாரக் கணக்கில் திங்கட்கிழமை 0.00 மணியை. அவர் எடுத்துக்கொண்டது ஞாயிறு தொடங்கும் நள்ளிரவை. "ஞாயிறு இரவு 12" என்ற மூன்று சொல்லுக்குள் 24 மணி நேர வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

இதில் தமிழில் எழுதுகிற நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நம் பேச்சும் அந்தப் பழக்கத்தில்தான் போகிறது: சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் வந்தால் "சனிக்கிழமை ராத்திரி வந்தார்" என்போம், ஞாயிற்றுக்கிழமை வந்தார் என்று யாரும் சொல்வதில்லை. தொலைபேசியில் இருக்கும் காலண்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதற்கு 12 அடித்தவுடன் மறுநாள். இரவு 12.15க்குக் கிளம்பும் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிட்டு ஒருநாள் தவறிப் போய் நிற்பவர்களும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். அதனால் நள்ளிரவை ஒட்டி ஒரு நேரம் வந்தால் இரண்டு நாளின் பெயரையும் எழுதவேண்டும்: "ஞாயிறு இரவு முடிந்து திங்கள் பிறக்கும் 12 மணி". நீளமாக இருக்கிறதே என்று சுருக்கினால் மறுபடி அதே கதைதான். இன்னும் நல்லது, எந்த ஊருக்கும் நள்ளிரவு விழாதபடி நிகழ்ச்சி நேரத்தையே அரை மணி நகர்த்திவிடுவது.

அந்த அக்கா மறுநாள் இரவும் கண்விழித்து வந்து சேர்ந்தார். இரண்டு இரவு ஒரு மனுஷியைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் சனிக்கிழமை அன்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு வரி தவறு என்று தெரிந்த பிறகாவது மற்ற வரிகளையும் திரும்பக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு ஊரின் குழப்பம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஞாயிறு மாலை. வெளிநாட்டிலிருந்து வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 11 பேர். டொரன்டோவில் நாலு பேர், லண்டனில் இரண்டு, துபாயில் இரண்டு, சிங்கப்பூரில் இரண்டு, மெல்போர்ன் அக்கா. 6.30க்குத் திரையில் தெரிந்தது ஆறு முகம். துபாய், சிங்கப்பூர்க்காரர்கள் எல்லோரும், மெல்போர்ன் அக்கா, டொரன்டோவிலிருந்து ஒரே ஒரு தம்பி. மீதி ஐந்து பேரைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை காலை, தூங்குகிறார்கள் போல என்று அந்தத் தம்பி நினைத்துக்கொண்டார். நாங்களும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கினோம்.

அதற்கு மேல் காத்திருக்க முடியாததற்குக் காரணம் உண்டு. நவம்பரில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வடகிழக்குப் பருவமழை வேறு. தோட்டப் பாதைகளில் கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊர் இது. வயதானவர்களை ஏழரைக்கு மேல் மண்டபத்தில் உட்கார வைக்க யாருக்கும் மனம் வராது. ஆசிரியர்கள் இருவரும் பேசி முடித்தார்கள், மலர் வெளியிட்டாயிற்று, ஜீப் வந்து நின்றது. சரியாக 7.30க்கு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், திரையில் டொரன்டோவிலிருந்து மூன்று பேரும் லண்டனிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். குளித்து, நல்ல சட்டை போட்டு, குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சார் கிளம்பிப் போய்விட்டார் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மணி நேரம் தாமதம், அதுவும் இரண்டு வேறு நாடுகளிலிருந்து. இப்படி ஒரு வடிவம் தெரிந்தால் அது வந்தவர்களின் தவறாக இருக்கவே முடியாது, அறிவிப்பில்தான் தவறு. நாலு பேர் நாலு விதமாகப் பிந்தினால் அவரவர் சோம்பல் எனலாம். எல்லோரும் முழுசாக ஒரு மணி நேரம் பிந்தினால் அது கோடைநேரக் கடிகாரம்.

நான் அக்டோபர் 12 அன்று என்ன செய்தேன் என்றால், தொலைபேசியில் உலகக் கடிகாரத்தைத் திறந்து ஒவ்வொரு ஊரும் இந்தியாவுக்கு எவ்வளவு முன்னே பின்னே இருக்கிறது என்று பார்த்தேன். டொரன்டோ ஒன்பதரை மணி நேரம் பின்னே, லண்டன் நாலரை மணி நேரம் பின்னே. அதை 6.30இலிருந்து கழித்து எழுதினேன். அன்றைக்கு அது சரி. ஆனால் உலகக் கடிகாரம் காட்டுவது இன்றைய வித்தியாசத்தை, நிகழ்ச்சி நாளின் வித்தியாசத்தை அல்ல. பிரிட்டனில், கோடைக்காக முன்னே தள்ளி வைத்திருந்த கடிகாரத்தை அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், 2025இல் அது அக்டோபர் 26. கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குத் தள்ளுவார்கள், 2025இல் அது நவம்பர் 2. எங்கள் நிகழ்ச்சி நடந்த அதே நாள்! அன்று காலை டொரன்டோவுக்கும் நமக்கும் வித்தியாசம் ஒன்பதரை இல்லை, பத்தரை. லண்டனுக்கு நாலரை இல்லை, ஐந்தரை. ஆக, இங்கே மாலை 6.30 என்றால் டொரன்டோவில் காலை 8, லண்டனில் பகல் 1. நாங்கள் 9 என்றும் 2 என்றும் எழுதியிருந்தோம்.

ஆஸ்திரேலியாவில் இது தலைகீழ். அங்கே நமக்கு இலையுதிர்காலம் என்று தோன்றுகிற சமயத்தில் வசந்தம் தொடங்கும், மெல்போர்ன், சிட்னி பக்கத்தில் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். 2025இல் அது அக்டோபர் 5. நான் கணக்குப் போட்ட 12ஆம் தேதிக்கு முன்பே அது மாறியிருந்ததால் அந்த ஊர் நேரம் மட்டும் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது. துபாய், சிங்கப்பூர், இலங்கை எதிலும் இந்த மாற்றமே கிடையாது. இந்தியாவிலும் கிடையாது. அதனால்தான் நமக்கு இது மனதில் பதிவதே இல்லை: "கனடாவுக்கு ஒன்பதரை மணி நேரம்" என்று ஒருமுறை மனப்பாடம் செய்தால் வருடம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் தப்பித்தும்விடுவோம். மாட்டிக்கொள்வது மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் நிகழ்ச்சிகளில். தீபாவளி, கார்த்திகை, பங்குனி உத்திரம், சித்திரைப் புத்தாண்டு என்று நம் கொண்டாட்டங்களில் பலவும் அங்கேதான் விழுகின்றன.

"EST" என்று நான் போட்டதும் வம்புதான். டொரன்டோ, நியூயார்க் பக்கத்துக்கு EST என்பது குளிர்கால நேரத்தின் பெயர் மட்டுமே, கோடையில் அது EDT. நான் அக்டோபரில் கோடைநேரத்தைக் கணக்கிட்டுவிட்டுக் குளிர்காலப் பெயரை ஒட்டிவிட்டேன். IST என்பதும் நமக்கு இந்திய நேரம், அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் அதே மூன்று எழுத்துக்கு வேறு பொருள். இந்தச் சுருக்கெழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஊர்ப்பெயரை எழுதுவது எவ்வளவோ மேல். "டொரன்டோவில் காலை 8 மணி" என்றால் அங்கே அன்று சுவரில் இருக்கும் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அது, அவ்வளவுதான். படிப்பவர் எந்தச் சுருக்கத்தையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

நேரத்துக்கு வந்த டொரன்டோ தம்பியிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "அண்ணா, உங்க கனடா நேரத்தை நான் பார்க்கவே இல்லை. நிகழ்ச்சி கோத்தகிரியில நடக்குது, அப்ப இந்திய நேரம்தான் அசல். அதைக் காலண்டர்ல இந்திய நேரம்னே ஏத்திட்டேன், மீதியை அதுவே பார்த்துக்கிச்சு" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்தது: அசல். ஓர் அறிவிப்பில் ஆறு நேரம் இருந்தால் அவற்றில் ஒன்றுதான் அசல், மற்றதெல்லாம் நகல். எது அசல் என்று அறிவிப்பே சொல்லவேண்டும், நகலில் பிழை இருந்தால் படிப்பவர் அசலைப் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் அறிவிப்பில் ஆறும் சமமாக, சாய்கோடு போட்டு வரிசையாக நின்றன. மற்ற மூன்று பேருக்கும் தங்கள் ஊர் நேரம் என்று எழுதியிருந்ததை நம்ப எல்லா நியாயமும் இருந்தது.

அப்புறம் நாள். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தப் படம் போனது, பதிலே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அம்மாவின் தொலைபேசியைப் பார்த்துச் சொல்வது மகள், அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் கண்ணில் பட்டது எண்கள் மட்டும்: 02/11/25. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும், ஆக அது பிப்ரவரி 11. எட்டு மாதத்துக்கு முந்தைய ஏதோ பழைய பார்வர்டு என்று தள்ளிவிட்டாள். பக்கத்தில் "ஞாயிறு" என்று இருந்ததை அவள் படித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும், 2025 பிப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை. கிழமை எழுதுவதன் உண்மையான பயன் இதுதான், தேதியில் பிழை இருந்தால் கிழமை ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுக்கும். ஆனால் கிழமை படிப்பவருக்குப் புரியும் எழுத்தில் இருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். மாதத்தை எழுத்தில் எழுதி, ஆண்டை நான்கு இலக்கத்தில் போட்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகக் கீழே `Sunday, 2 November 2025` என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்தது. மாதத்தை எண்ணாக எழுதும்போது 12 வரைக்குமான தேதிகளில்தான் ஆபத்து. 25/11 என்றால் யாரும் குழம்பமாட்டார்கள், 25ஆவது மாதம் கிடையாதே. அதனால் மாதத்தின் கடைசியில் நிகழ்ச்சி வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பிழை நடக்கும் என்றே தெரியாமல் போகிறது.

"இரவு 6.30" என்று நான் எழுதியதையும் ஒருவர் கேட்டார். இங்கே இருட்டிவிடுகிறது என்பதால் எனக்கு இரவு, துபாயில் இருப்பவருக்கு அது மாலை. காலை, மாலை, இரவு என்பதற்கெல்லாம் எல்லைக்கோடு கிடையாது. பெரிய சேதம் எதுவும் இல்லை, ஆனாலும் அசல் நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் 18:30 என்று ரயில்வே கணக்கில் எழுதுவது நல்லது.

இனி பணம். இதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் மனவருத்தமும் சேர்ந்தது.

வெளிநாட்டுக்கு மலரின் விலை தபாலோடு சேர்த்து $15 என்று போட்டோம். என் மனதில் இருந்தது அமெரிக்க டாலர். பணம் அனுப்பியவர்களில் ஒருவர்கூட அமெரிக்காவில் இல்லை! டொரன்டோக்காரர் கனடா டாலரில் 15 அனுப்பினார், சிங்கப்பூர்க்காரர் சிங்கப்பூர் டாலரில் 15, மெல்போர்ன் அக்கா ஆஸ்திரேலிய டாலரில் 15. அவரவர் நாட்டில் டாலர் என்றால் அதுதானே. அந்தச் சமயத்தில் அமெரிக்க டாலர் 88 ரூபாய்க்கு மேல், சிங்கப்பூர் டாலர் 68 பக்கம், கனடா டாலர் 63 பக்கம், ஆஸ்திரேலிய டாலர் 58 பக்கம். நாங்கள் எதிர்பார்த்தது சுமார் 1,300 ரூபாய், கனடாவிலிருந்து வந்தது சுமார் 950, ஆஸ்திரேலியாவிலிருந்து 870, அதிலும் அனுப்பும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் வங்கிக்கு வந்தது. தபால் செலவுக்கே கையைக் கடித்தது. பொருளாளராக இருந்த அண்ணன் "குறைவாக அனுப்பியிருக்கிறார்கள்" என்று குழுவில் எழுதிவிட்டார். அவர்கள் குறைவாக அனுப்பவில்லை, அறிவிப்பில் கேட்டதை அப்படியே அனுப்பியிருந்தார்கள்.

ரூபாயில் நடந்தது இன்னும் நுட்பமானது. எங்கள் பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள். 1964இல் போடப்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்து, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இன்றைக்கும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சொந்தங்கள் இருக்கிறார்கள். எங்கள் அறிவிப்பு அங்கேயும் போனது. நேரத்தில் அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, இலங்கையின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான். ஆனால் "மலர் ரூ.500" என்பதை ஹட்டனில் படித்தவர் தன் ஊர் ரூபாய் என்றே எடுத்துக்கொண்டு, இங்கே வந்த உறவினர் ஒருவர் கையில் ஐந்து பிரதிக்கு 2,500 ரூபாய் கொடுத்தனுப்பினார். இலங்கை ரூபாயின் மதிப்பு நம் ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர், "இது சிலோன் காசுல்ல" என்றார். அந்த வீடுகளில் எப்போதுமே "சிலோன் காசு", "இந்தியா காசு" என்று பிரித்துத்தான் பேசுவார்கள். பேச்சில் அவர்கள் இவ்வளவு கவனமாகப் பிரிப்பதை எழுத்தில் நான் "ரூ." என்ற ஒற்றை எழுத்தில் கரைத்துவிட்டேன்.

நவம்பர் 2 அன்று தவறவிட்டவர்களுக்காக இன்னொரு முறை கூடலாம் என்று சார்களே முன்வந்தார்கள். அது நவம்பர் 16, ஞாயிறு. இந்த முறை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே வேறு மாதிரி செய்தோம். மண்டபத்தில் இருப்பவர்கள் ஏழு மணிக்குள் வீடு திரும்பவேண்டும், மெல்போர்னுக்கு நள்ளிரவைத் தாண்டக்கூடாது, டொரன்டோவுக்கு விடியாத நேரமாகவும் ஆகக்கூடாது. மாலை 4 மணி என்றால் டொரன்டோவில் காலை ஐந்தரை, கஷ்டம். 5 மணி என்றால் ஆறரை, எழுந்துவிடலாம் என்றார்கள். மெல்போர்னில் அது இரவு பத்தரை, அதே ஞாயிற்றுக்கிழமை. எல்லா ஊரிலும் கிழமை ஒன்றாகவே வருகிற நேரம் கிடைத்தால் அதைவிட நிம்மதி வேறில்லை.

கணக்கை இந்த முறை என் அக்கா மகனிடம் கொடுத்தேன், கோவையில் கணினி படிக்கிறான். அவன் லினக்ஸில் ஒரு வரி தட்டினான். கழித்தல் கூட்டல் எதுவும் கையால் போடவில்லை, நிகழ்ச்சி நாளையும் இந்திய நேரத்தையும் கொடுத்து அந்த ஊரில் அப்போது மணி என்ன என்று மட்டும் கேட்டான். முதலில் பழைய அறிவிப்பைத்தான் சோதித்துப் பார்க்கச் சொன்னேன்:

```
$ TZ=Australia/Melbourne date -d '2025-11-02 18:30 +0530'
Mon Nov  3 00:00:00 AEDT 2025
$ TZ=America/Toronto date -d '2025-11-02 18:30 +0530'
Sun Nov  2 08:00:00 EST 2025
```

மெல்போர்ன் வரியின் தொடக்கத்தில் `Mon` என்று இருக்கிறது பாருங்கள், திங்கள். நான் ஞாயிறு என்று எழுதியது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. `America/Toronto` என்பது வெறும் மணிக்கணக்கு இல்லை, அந்த ஊரில் எந்தத் தேதியில் கடிகாரம் மாறும் என்ற விதியும் அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது. லினக்ஸ் இல்லாதவர்கள் கூகுள் காலண்டரில் நிகழ்ச்சியைப் போடும்போது நேர மண்டலத்தை இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் பகிர்ந்தால் இதே வேலை நடந்துவிடும், திறப்பவருக்கு அவர் ஊர் நேரமே தெரியும். படத்தோடு அந்த இணைப்பையும் அனுப்பினோம்.

இரண்டாவது அறிவிப்பு இப்படிப் போனது:

"2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை (`Sunday, 16 November 2025`).
இந்திய நேரம் மாலை 5.00 (17:00). இதுவே அசல் நேரம், மற்றவை இதிலிருந்து கணக்கிட்டவை, கனடா, பிரிட்டனில் கடிகாரம் மாறியதைச் சேர்த்து.
டொரன்டோ, நியூ ஜெர்சி: ஞாயிறு காலை 6.30
லண்டன்: ஞாயிறு காலை 11.30
துபாய்: ஞாயிறு பிற்பகல் 3.30
சிங்கப்பூர்: ஞாயிறு இரவு 7.30
மெல்போர்ன்: ஞாயிறு இரவு 10.30
மலர், இந்தியாவுக்குள்: 500 இந்திய ரூபாய் (INR). வெளிநாட்டுக்குத் தபாலோடு: 1,300 இந்திய ரூபாய் (INR). இது எங்கள் கைக்கு வந்து சேரவேண்டிய தொகை, அனுப்பும் கட்டணம் தனி. நவம்பர் 10 நிலவரப்படி ஏறத்தாழ 15 அமெரிக்க டாலர் (USD), 21 கனடா டாலர் (CAD), 19 சிங்கப்பூர் டாலர் (SGD). பணம் அனுப்பக் கடைசி நாள் நவம்பர் 30, இந்திய நேரம் இரவு 11.59."

நேரத்தில் செய்ததையேதான் பணத்திலும் செய்தோம். 1,300 இந்திய ரூபாய் அசல், டாலர்கள் எல்லாம் நகல், அதனால்தான் "ஏறத்தாழ" என்றும் எந்த நாள் நிலவரம் என்றும் எழுதினோம். மாற்று மதிப்பு தினம் மாறும், தேதி போடாத டாலர் கணக்கு இரண்டு மாதம் கழித்து பார்வர்டாகச் சுற்றும்போது யாரிடமோ சண்டை இழுக்கும். கடைசி நாளுக்கு இரவு 12 என்று எழுதாமல் 11.59 என்று எழுதியது மெல்போர்ன் அக்கா சொல்லிக்கொடுத்த பாடம். முதல் தடவை குறைவாக அனுப்பியவர்களிடம் மீதியைக் கேட்கவில்லை, பொருளாளர் அண்ணனே குழுவில் வருத்தம் தெரிவித்துவிட்டு அந்தத் தபால் செலவைக் குழுக் கணக்கில் எழுதினார். ஹட்டன்காரருக்கு ஐந்து பிரதியும் போய்ச் சேர்ந்தன.

இதிலும் தீராத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒருவர் இருக்கிறார், மாலை 5 மணி அவருக்கு அதிகாலை மூன்றரை. அவர் ஊர் வரியைச் சேர்க்கவா என்று கேட்டதற்கு, வேண்டாம், பதிவு செய்து அனுப்புங்கள் போதும் என்றார். இங்கே மாலையில் கூடுவது என்று வைத்துக்கொண்டால், டொரன்டோ, மெல்போர்ன், கலிபோர்னியா மூன்றுக்கும் வசதியான ஒரு நேரத்தை எவ்வளவு கணக்குப் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

16ஆம் தேதி எல்லோரும் வந்தார்கள். நியூ ஜெர்சி அம்மாவும் மகளோடு வந்தார். சார் இருவரும் இரண்டாம் முறை பேசினார்கள், முதல் முறையைவிட நீளமாகவே. நாங்கள் முடித்து ஆறு மணிக்கு விளக்கை அணைத்தோம், ஜீப் கிளம்பியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு தவறிய அழைப்பு, ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு. பிரிஸ்பேனில் இருக்கும் ஒரு தம்பி. மெல்போர்ன் என்று எழுதியிருந்ததை ஆஸ்திரேலியா முழுக்க ஒரே நேரம் என்று எடுத்துக்கொண்டு அவர் ஊர் கடிகாரத்தில் இரவு பத்தரைக்கு வந்திருக்கிறார். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கோடைநேரம் கிடையாது, அங்கே கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. மெல்போர்னில் பத்தரை என்றால் அவருக்கு ஒன்பதரை. அவர் பெயர் கொடுக்கவில்லை என்பதால் அந்த ஊர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. அன்று இரவே மூல கோப்பைத் திறந்து மெல்போர்னுக்குக் கீழே பிரிஸ்பேன் என்று ஒரு வரி சேர்த்து வைத்தேன், பெயர் கொடுக்கும் படிவத்தில் "நாடு" என்று இருந்ததை அழித்துவிட்டு "ஊர்" என்று மாற்றினேன்.